எலித் தொல்லை எவ்வளவு பெரிது? புழுக்கை, பல் தடம், பிசுக்குத் தடம் பார்த்துக் கணிக்கும் முறை

மளிகைக் கடைக்காரர்களிடம் எலியைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் "ஒரே ஒரு எலிதான் சார், ராத்திரி ஷட்டர் சாத்தும்போது ஓடுச்சு" என்பார்கள். எலி இரவில் நடமாடும், மனிதர் இருக்கும் இடத்தைத் தவிர்க்கும், சுவரோரமாகவும் மறைவாகவும்தான் போகும். அதனால் கண்ணில் பட்ட எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் எலி போகிற இடமெல்லாம் புழுக்கை போடும், கொறிக்கும், உடம்பு அழுக்கைச் சுவரில் தேய்த்துவிட்டுப் போகும். இந்த மூன்றையும் சரியாகப் படித்தால், எந்த வகை எலி, எங்கே தங்குகிறது, குட்டி போட்டிருக்கிறதா, ஒரு பொறி போதுமா அல்லது ஆள் கூப்பிட வேண்டுமா என்பதெல்லாம் ஓரளவு தெளிவாகிவிடும்.

இந்தக் கட்டுரைக்குச் சிறு ஊர் மளிகைக் கடையை எடுத்துக்கொள்கிறேன். முன்னால் கடை, பின்னால் மூட்டை அடுக்கும் குடோன், மேலே பரண், அதற்கு மேல் ஓட்டுக் கூரை. தமிழ்நாட்டில் எலி பிரச்சினை அதிகம் வருவது இப்படிப்பட்ட கட்டடங்களில்தான். வீட்டுச் சமையலறைக்கும் இதே முறை பொருந்தும். அங்கே பார்க்க வேண்டிய இடம் குறைவு, அவ்வளவுதான்.

பார்க்கத் தொடங்கும் முன்

காலையில் பெருக்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். பெருக்கிய பிறகு பார்த்தால் இரவு நடந்த பாதி விஷயம் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். நல்ல டார்ச், மில்லிமீட்டர் கோடு உள்ள சின்ன ஸ்கேல், சாக்பீஸ், ஒரு நோட்டு, ரப்பர் கையுறை, முகக்கவசம் இருந்தால் போதும். செல்போனில் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடுங்கள். அளவு தெரியாத புழுக்கைப் படத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கையுறையை "பார்க்கத்தானே போகிறேன்" என்று விட்டுவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் இருக்கிறது. கைகால் காயத்தின் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். குடோனுக்குள் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். புழுக்கையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம், தூசியோடு மூச்சில் ஏறும். பாட்டிலில் விற்கும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்து எடுக்க வேண்டும். அதே நேரத்தில் கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சோடு ஆசிட்டையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. வரும் வாயு நுரையீரலைத் தாக்கும்.

புழுக்கை: முதலில் யாருடையது என்று பாருங்கள்

கறுப்பாகக் கிடப்பதெல்லாம் எலிப் புழுக்கை இல்லை. பல்லியின் எச்சத்தில் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். அதைப் பார்த்ததும் விட்டுவிடலாம். வௌவால் எச்சத்தைக் காகிதத்தில் வைத்துக் குச்சியால் அழுத்தினால் பொடியாகிவிடும், உள்ளே பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுங்கும். மூஞ்சூறு இன்னொரு குழப்பம். அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி. அதன் எச்சமும் பூச்சித் துணுக்கு நிறைந்ததாக உதிரும், பக்கத்தில் கடுமையான நெடி அடிக்கும். மூஞ்சூறுக்கு எலி மருந்து வைத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தானிய மூட்டையைக் கொறித்ததற்கு மூஞ்சூறைக் குற்றம் சொல்லவும் முடியாது.

எலி என்று உறுதியானதும் அளவும் முனையும் பார்க்க வேண்டும். சுண்டெலியின் புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர், மெல்லியது, முனை கூர்மையானது. மளிகைக் கடையில் இது சீரகத்தோடும் கருஞ்சீரகத்தோடும் கலந்து கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. சல்லடையில் கொட்டிப் பார்ப்பது நல்லது. கூரையில் ஓடும் வீட்டெலியின் புழுக்கை சுமார் 12 மில்லிமீட்டர், சற்றே வளைந்தது, இரண்டு முனையும் கூரானது. சென்னை போன்ற துறைமுக நகரங்களில் சாக்கடையை ஒட்டி வாழும் பெரிய எலியின் புழுக்கை 18 மில்லிமீட்டர் வரை வரும், தடிமனானது, முனை மழுங்கியது. பெருச்சாளியின் புழுக்கையும் பெரிதுதான். ஆனால் பெருச்சாளி இருந்தால் வெளியே மண்ணில் வளையும், வளை வாயில் தோண்டிப் போட்ட புது மண் குவியலும் இருக்கும். அதைத் தேடிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வகை தெரிவது ஏன் முக்கியம் என்றால், எண்ணிக்கைக்கு அர்த்தம் கிடைப்பது அதற்குப் பிறகுதான். ஒரு சுண்டெலி ஒரு நாளைக்கு 50 முதல் 80 புழுக்கை போடும். வீட்டெலியோ சாக்கடை எலியோ ஏறக்குறைய 40 போடும். ஆக ஒரு டப்பாவுக்குப் பின்னால் சின்னதாக முப்பது கிடந்தால் அது ஒரு சுண்டெலியின் பாதி நாள் வேலையாக இருக்கலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் இந்த எண்ணை வைத்து வகுத்து "இத்தனை எலி" என்று சொல்லிவிடவும் கூடாது. பாதிக்கு மேல் உங்கள் கண்ணுக்கு எட்டாத கூரை இடுக்கிலும் கூட்டிலும்தான் கிடக்கும். கிடைத்த எண்ணிக்கை குறைந்தபட்சத்தை மட்டும் காட்டும்.

அடுத்து, ஒரே இடத்தில் கிடப்பவை ஒரே அளவா என்று பாருங்கள். வடிவம் ஒன்றாக இருந்து, 12 மில்லிமீட்டரோடு 7, 8 மில்லிமீட்டரும் கலந்து கிடந்தால் பெரும்பாலும் குட்டிகள் வெளியே நடமாடத் தொடங்கிவிட்டன என்று பொருள். அதாவது உள்ளேயே கூடு இருக்கிறது. என்னைக் கேட்டால், எண்ணிக்கையைவிட இந்த அளவுக் கலப்புதான் கவலைப்பட வேண்டிய அறிகுறி. ஒரு சந்தேகம் வரலாம்: சின்னது சுண்டெலியாக இருக்கக் கூடாதா? எலிக்குட்டியின் புழுக்கை நீளத்தில் குறைந்தாலும் சுண்டெலியுடையதைவிடத் தடிமனாக இருக்கும். அப்புறம், எலி நிலைத்துத் தங்கிய இடத்தில் சுண்டெலி அவ்வளவாகத் தங்காது.

புதியதா, பழையதா

புதிய புழுக்கை கறுத்து, ஈரப் பளபளப்போடு, குச்சியால் அழுத்தினால் நசுங்கும். இரண்டு மூன்று நாளில் பளபளப்புப் போய்க் கெட்டியாகும். வாரங்கள் கடந்தால் சாம்பல் பூத்து, அழுத்தினால் பொடியும், மேலே தூசி படிந்திருக்கும்.

இதில் ஏமாறும் இடங்கள் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டுக் கூரைக்கு அடியில் கிடக்கும் புழுக்கை சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும். நேற்றிரவு போட்டதைப் பழசு என்று நினைத்துவிடுவீர்கள். ஐப்பசி மழையில் இதற்கு நேர்மாறு. பழைய புழுக்கை ஈரத்தை இழுத்து மென்மையாகி, சில சமயம் பூஞ்சை கூடப் பூத்திருக்கும். நிறமும் தின்றதைப் பொறுத்து மாறும். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு நிறத்தில் கிடந்தால் யாரோ வைத்த நிறம் சேர்த்த மருந்துக் கட்டியை எலி தின்றிருக்கிறது என்று பொருள். ஆகவே நிறத்தையும் ஈரத்தையும் முதல் ஊகமாக மட்டும் வையுங்கள். உறுதி செய்யும் வழி பின்னால் வருகிறது.

பல் தடம்

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும், வருடத்துக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல். தேய்ப்பதற்காகவும், வழி திறப்பதற்காகவும், தின்பதற்காகவும் கொறித்துக்கொண்டே இருக்கும். தடம் இரண்டிரண்டு கோடாக இருக்கும். இரண்டு பல்லும் சேர்ந்த அகலம் சுமார் 4 மில்லிமீட்டர் என்றால் எலி. 1, 2 மில்லிமீட்டர் என்றால் சுண்டெலி. சமதளமான பலகையின் நடுவில் தடம் இருக்காது. பல் பிடிக்க விளிம்பு வேண்டும் என்பதால் கதவின் கீழ்மூலை, ரீப்பர் ஓரம், பிளாஸ்டிக் டின்னின் விளிம்பு, குழாய் நுழையும் ஓட்டை ஆகிய இடங்களில்தான் தேட வேண்டும்.

மரத்தில் புதிய கொறிப்பு வெளிர் நிறமாக, ஓரம் கூர்மையாக இருக்கும், கீழே மரத்தூள் சிதறிக் கிடக்கும். நாளாக ஆகச் சுற்றியுள்ள மரத்தின் நிறத்துக்கே கறுத்துவிடும். பிளாஸ்டிக் இப்படிக் கறுக்காது. அங்கே கொறித்த இடத்தில் தூசி படிந்திருக்கிறதா, கீழே சீவல் கிடக்கிறதா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஓட்டையாக இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி: குறுக்கே சிலந்தி வலை இருக்கிறதா? ஓரம் சொரசொரப்பா, வழவழப்பா? வலை கட்டியிருந்தால் அது இப்போது பயன்படாத வழி. ஓரம் வழவழவென்று கறுத்துப் பளபளத்தால் பல உடம்புகள் தினமும் நுழைந்து வந்த வழி.

மூட்டையில் எந்த உயரத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழ் மூட்டைகளில் தரையோரமாக மட்டும் இருந்தால் எலி தரைவழியாக வருகிறது. மேல் அடுக்கில் இருந்து கீழே எதுவும் இல்லை என்றால் கூரை வழி. சோப்புக் கட்டியும் மெழுகுவர்த்தியும் கொறிபட்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அவற்றில் உள்ள கொழுப்புக்காகத் தின்னும்.

ஒயரில் பல் தடம் கண்டால் கணிப்பை அங்கேயே நிறுத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். செம்புக் கம்பி வெளியே தெரிந்தால் ஒரு எலியின் வேலையானாலும் அது தீ விபத்துக்கு வழி. சாக்கும் அட்டையும் அடுக்கிய குடோனில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பிசுக்குத் தடம்

புதிதாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். எலியின் ரோமத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒரே வழியில், சுவரை உரசிக்கொண்டே போகும் பழக்கமும் உண்டு. பசையும் அழுக்கும் சேர்ந்து சுவரில் கறுப்பும் பழுப்புமாக ஒரு பட்டை படியும். ஒருமுறை போனால் எதுவும் தெரியாது. பட்டை கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே அந்த வழியில் போக்குவரத்து வாரக்கணக்கில் நடந்திருக்கிறது. சுண்டெலி சின்ன உடம்பு, அதன் தடம் மங்கலாகத்தான் இருக்கும்.

எங்கே தேடுவது என்பதை எலியின் வகை சொல்லும். தரையில் ஓடும் பெரிய எலியாக இருந்தால் சுவரும் தரையும் சேரும் மூலையை ஒட்டி நீளமான பட்டை. வீட்டெலியாக இருந்தால் தலையை நிமிர்த்துங்கள். சுவரின் மேல் விளிம்பில் அது ஓடும்போது குறுக்கே கைமரமோ உத்திரமோ வந்தால் அதன் அடியில் நுழைந்து மறுபக்கம் போகும். அந்த இடத்தில் மரத்துக்கு இருபக்கமும் அரைவட்ட வடிவில் கறை படியும். மின் குழாயின் மேல்புறம், பரண் ஏறும் செங்குத்துக் குழாய், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி இவையும் அதன் பாதைகள்.

கையுறை போட்ட விரலில் ஒரு டிஷ்யூவைச் சுற்றித் தடத்தை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பசையாக ஒட்டி, கறை காகிதத்தில் ஏறினால் பாதை இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது. காய்ந்து செதிலாக உதிர்ந்தால், அல்லது மேலே தூசி படிந்து வந்தால், அது கைவிடப்பட்ட பாதை. பிசுக்கு சுலபத்தில் அழியாது. எலி போய் மாதக்கணக்கான பிறகும் சுவரில் கறை அப்படியே இருக்கும். புதிதாகக் கடையை வாடகைக்கு எடுத்தவர்கள் முந்தைய ஆள் காலத்துத் தடத்தைப் பார்த்து மிரண்டுபோவது இதனால்தான். சமையலறையில் இன்னொரு குழப்பம்: அடுப்புப் புகைப் பிசுக்கும் கறுப்புதான். அது சுவரில் பரவலாகப் படியும். எலித் தடம் ஒரே அகலத்தில் ஒரு பாதையாக, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்.

துடைத்துவிட்டு மூன்று இரவு காத்திருங்கள்

இதுவரை பார்த்ததெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து கிடந்த கணக்கு. ஆறு மாதம் பெருக்காத பரணில் நூற்றுக்கணக்கில் புழுக்கை கிடந்தால் அது ஒரு எலியின் ஆறு மாதமா, பத்து எலியின் ஒரு வாரமா? பார்வையால் சொல்ல முடியாது. தீவிரத்தைச் சொல்வது, துடைத்த பிறகு ஒரு இரவில் எவ்வளவு புதிதாக வருகிறது என்பதுதான்.

முதல் நாள் எல்லாப் புழுக்கையையும் மேலே சொன்ன ஈர முறையில் எடுத்துவிடுங்கள். எங்கே எத்தனை இருந்தது என்று நோட்டில் ஒரு சிறு வரைபடம் போட்டுக் குறித்த பிறகு எடுக்க வேண்டும். பிசுக்குத் தடத்தில் ஒரு சாண் நீளத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, இரு முனையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். கொறித்த விளிம்புகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கீழே விழுந்த தூளைத் துடைத்துவிடுங்கள். ஓட்டைகளைச் செய்தித்தாளைக் கசக்கி மெதுவாக அடையுங்கள். இறுக்கி அடைக்க வேண்டாம், தள்ளிப் பார்க்கும் ஆர்வம் எலிக்கு வர வேண்டும். வயலில் வளைகளை மாலையில் மண் போட்டு மூடிவிட்டு, காலையில் எத்தனை திறந்திருக்கிறது என்று எண்ணுவார்களே, அதே முறைதான் இது.

சந்தேகப்படும் பாதைகளில் கோலத்துக்குப் போடும் கல்மாவை ஒரு முழ நீளத்துக்கு மெல்லியதாகத் தூவுங்கள். அரிசி மாவு வேண்டாம், எலி தின்றுவிடும். காலையில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் காலடி தெரியும். முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து, நடுவில் வால் இழுபட்ட கோடு. உணவுப் பொருள் திறந்திருக்கும் இடத்தில் மட்டும் மாவு தூவாதீர்கள்.

இந்த மூன்று நாளும் பொறியோ மருந்தோ வைக்க வேண்டாம், மூட்டைகளை இடம் மாற்றவும் வேண்டாம். எலிக்குப் புதிய பொருள் என்றால் பயம். பாதையில் எதையாவது புதிதாக வைத்தால் சில நாள் ஒதுங்கிப் போகும். துடைத்ததாலேயே முதல் இரவு கணக்குக் குறைவாக வரலாம் என்பதால்தான் மூன்று இரவு என்கிறேன். கடைசி இரண்டு இரவின் கணக்கு ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் அதை நம்பலாம்.

ஒரு கடையின் கணக்கு

எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதற்கு ஒரு மாதிரிக் கடையைப் பார்ப்போம். உரிமையாளர் சாக்கடை பக்கமுள்ள ஓட்டை வழியாக ஒரு எலி வருகிறது என்று நினைக்கிறார். தரையில் இரண்டு கூண்டு வைத்திருக்கிறார், எதுவும் விழவில்லை.

முதல் நாள் பார்க்கும்போது சாக்கடை ஓட்டையின் ஓரம் கறுத்து வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் குறுக்கே சிலந்தி வலை. பக்கத்துச் சுவரிலுள்ள பிசுக்கைத் தேய்த்தால் செதிலாக உதிர்கிறது. அங்கே கிடந்த சில புழுக்கைகள் 17 மில்லிமீட்டர், சாம்பல் பூத்தவை. மேலே பரணில் நிறையப் புழுக்கை, புதிதும் பழசும் கலந்து, பெரும்பாலும் 12 மில்லிமீட்டர், கூர்முனை. குடோனின் மேல் அடுக்கில் இரண்டு பருப்பு மூட்டைகளில் ஓட்டை. கீழ் அடுக்கில் ஒன்றுமில்லை. மின் ஒயர் உள்ளே வரும் இடத்தில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, அதன் ஓரத்தில் வெளிர் நிறக் கொறிப்பு. அங்கிருந்து பரண் வரை மூன்று கைமரங்களின் அடியில் அரைவட்டக் கறை, டிஷ்யூவில் பசையாக ஏறுகிறது.

எல்லாம் துடைத்த பிறகு முதல் இரவு பரணில் 14 புழுக்கை, இரண்டாம் இரவு 33, மூன்றாம் இரவு 36. மூட்டைகளின் மேல் ஒவ்வோர் இரவும் பத்துக்கு அருகில். மூன்றாம் நாள் பரணின் ஒரு மூலையில் 7, 8 மில்லிமீட்டர் புழுக்கைகளும், துண்டு துண்டாகக் கிழிந்த சாக்கு நாரும். சாக்கடை ஓட்டையில் வைத்த காகிதம் மூன்று நாளும் அசையவில்லை. கழுவிய சாண் நீளத்தில் மூன்று இரவுக்குள் லேசான மங்கல் திரும்பியிருக்கிறது.

இதைச் சேர்த்துப் படிப்போம். சாக்கடை எலி முன்பு வந்திருக்கிறது, இப்போது அந்த வழி செத்துவிட்டது. இப்போதைய தொல்லை வீட்டெலி, கூரைவழி. கண்ணுக்கு எட்டிய இடங்களில் மட்டும் ஒரு இரவுக்கு 45 அளவில் வருகிறது, அதுவே ஒரு எலியின் ஒரு நாள் அளவைத் தாண்டுகிறது. கிடைக்காததையும் சேர்த்தால் நிச்சயம் ஒன்றுக்கு மேல். சின்னப் புழுக்கையும் கிழிந்த நாரும் பரண் மூலையில் குட்டி போட்ட கூட்டைக் காட்டுகின்றன. கழுவிய இடம் மூன்று இரவில் மங்கியது பாதை பலமாகப் புழங்குகிறது என்பதற்குச் சான்று. ஆக இது "ஒரு எலி" இல்லை, பெருகிக்கொண்டிருக்கும் குடும்பம். தரையில் வைத்த கூண்டுகள் ஏன் காலியாக இருந்தன என்பதும் இப்போது புரிகிறது. எலி தரைக்கு வரவே இல்லை. பொறிகள் கைமரத்தின் மேலும் பரணிலும்தான் இருக்க வேண்டும், முதல் சில நாள் இரை மட்டும் வைத்து விசை பூட்டாமல். பழகிய பிறகு எல்லாவற்றையும் ஒரே இரவில் பூட்ட வேண்டும். ஒயர் நுழையும் இடைவெளியை இரும்பு வலை வைத்துச் சிமென்ட் பூசி அடைப்பது உள்ளே இருப்பவை பிடிபட்ட பிறகுதான். முன்பே அடைத்தால் எலிகள் உள்ளேயே சிக்கிப் புது வழி கொறிக்கும்.

எந்த அளவு என்று முடிவு செய்வது

மூன்று இரவிலும் புதிதாக எதுவும் வரவில்லை, காகிதம் அசையவில்லை, கல்மாவில் தடம் இல்லை என்றால் நீங்கள் பார்த்தது பழைய கதை. ஓட்டையை அடைத்து, கறையைக் கழுவினால் போதும்.

ஒரே இடத்தில், ஒரே அளவில், இரவுக்குச் சில புழுக்கை மட்டும் வருகிறது, புதுக் கொறிப்பு ஓரிடத்தில் இருக்கிறது, பிசுக்குத் தடம் இன்னும் படியவில்லை என்றால் புதிதாக நுழைந்த ஒன்றிரண்டு எலி. இந்த நிலையில் சரியான இடத்தில் வைத்த சில பொறிகளே வேலையை முடித்துவிடும். தாமதிக்காமல் செய்வதுதான் முக்கியம்.

அளவுக் கலப்பு, பசையான பிசுக்கு, இரண்டு மூன்று இடங்களில் புதுக் கொறிப்பு ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே நிலைத்த குடியேற்றம் என்று எடுத்துக்கொள்வேன். பகலிலும் எலி தென்படுகிறது என்றால் இன்னும் மோசம். நெருக்கடியால் பலவீனமான எலிகள் பகலில் வெளியே தள்ளப்படுகின்றன. பக்கத்தில் கட்டடம் இடித்தாலும் பகலில் ஓடும், ஆகவே அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த நிலைக்கு ஒரு கடையின் பொறிகள் போதாது. அனுபவமுள்ள பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிட்டு, ஓடு சேரும் பக்கத்துக் கட்டடக்காரர்களோடும் பேச வேண்டியிருக்கும். அவரிடம் உங்கள் வரைபடத்தையும் மூன்று இரவுக் கணக்கையும் கொடுங்கள். அவற்றைப் பார்க்காமல் நாலு மூலையில் மருந்துக் கட்டி போட்டுவிட்டுப் போகிறவர் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

தினமும் கழுவித் துடைக்கும் கடைகளுக்கு ஒரு எச்சரிக்கை. புழுக்கை தென்படாததால் எலி இல்லை என்றாகாது. ஃபிரிட்ஜின் பின்னால் மோட்டார் இருக்கும் சூடான இடம், மீட்டர் பெட்டியின் மேல், பொய்க்கூரைக்கு மேலே, கல்லா மேசையின் கடைசி இழுப்பறைக்குப் பின்னால் இவற்றைத் திறந்து பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

எலி போன பிறகு

பிடிபடுவது நின்றதும் எல்லாப் பிசுக்குத் தடத்தையும் சோப்புத் தண்ணீரால் முழுக்கக் கழுவிவிடுங்கள். அந்த வாசனையைப் பிடித்துப் புதிய எலிகளும் அதே பாதையில் வரும். கழுவாமல் விட்டால் அடுத்த முறை எது புதுத் தடம் என்று உங்களுக்கே தெரியாமலும் போகும். அப்புறம் வாரம் ஒருமுறை அதே துடைத்துப் பார்க்கும் முறையை ஒரு இரவுக்கு மட்டும் செய்யுங்கள்.

இதை ஆறு அல்லது ஏழு வாரம் விடாமல் செய்ய வேண்டும். காரணம், எலியின் கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரம், பிறந்த குட்டிகள் பால்குடி மறந்து வெளியே வர இன்னொரு மூன்று, நான்கு வாரம். கடைசியாக நீங்கள் தவறவிட்ட ஒரு பெண் எலி சினையாக இருந்திருந்தால், அதன் குட்டிகளின் புழுக்கை பரணில் விழத் தொடங்குவது இந்தக் காலத்தின் முடிவில்தான். இரண்டாம் வாரத்திலேயே "ஒன்றும் இல்லை" என்று நிறுத்தியவர்களுக்கு மூன்றாம் மாதம் மறுபடி மூட்டையில் ஓட்டை விழுவது இதனால்தான். ஏழாவது வாரமும் காகிதம் அசையாமல், பரண் சுத்தமாக இருந்தால் வாரச் சோதனையை மாதச் சோதனையாகக் குறைத்துக்கொள்ளலாம்.